கொச்சை ஜோக்குக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

"ச்சீ என்று முகம் சுளிக்க வேண்டிய ஜோக்குக்கும் சிரிப்பு வந்துவிடுகிறதே, ஏன்?"

ஒரு மௌன அஞ்சலியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போது பின்வரிசையில் யாரோ சத்தமாகக் குசு விட்டுவிடுகிறார், நாலு பேருக்குத் தோள் குலுங்க ஆரம்பிக்கிறது. அதே சத்தம் சந்தை இரைச்சலில் வந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மனோதத்துவ அறிஞர் ஃபிராய்ட் 1905-இல் சொன்ன விளக்கம் இது: கூச்சமான விஷயங்களை உள்ளே அமுக்கி வைக்க மனம் சக்தியைச் செலவழிக்கிறது, ஜோக் அந்த மூடியைத் திறந்ததும் மிச்சமாகும் சக்தி சிரிப்பாக வெளியேறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன்படி ரொம்பக் கூச்சப்படுகிறவர்தான் அதிகம் சிரிக்க வேண்டும், நாம் பார்ப்பது பெரும்பாலும் நேர்மாறு.

சரி, எதிர்பாராததுதான் காரணமா? பாதி உண்மை. அதே ஜோக் இரண்டாம் முறை சப்பென்று இருப்பது அதனால்தான். ஆனால் குளியலறையில் பாம்பு வந்தாலும் எதிர்பாராததுதான், யாரும் சிரிப்பதில்லையே.

எனக்குச் சரியாகப் படுவது மெக்ரா, வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் முன்வைத்தது. ஒரு விதி உடைய வேண்டும், அதே நொடியில் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றும் தோன்ற வேண்டும். அந்த அஞ்சலியில் மரியாதை உடைந்தது, யாருக்கும் அடிபடவில்லை. அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தால் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். இறந்தவரின் மகளுக்கோ முதலிலிருந்தே சிரிப்பு வந்திருக்காது, ஏனென்றால் அவருக்கு அது கெடுதல் இல்லாத விஷயமே அல்ல.