தடிமன் முக்கியமில்லை என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு மீக்கடத்தி வாங்க வேண்டும். திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, காந்தத்தை மிதக்கவிட்டு மாணவர்களுக்குக் காட்டுவதற்குத்தான். ஒருவர் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கறுப்பு வில்லை தருகிறார். இன்னொருவரிடம் நீலமணித் தகட்டின் மேல் 100 நானோமீட்டர் படலமாகப் பூசியது இருக்கிறது. இரண்டும் ஒய்பிசிஓ என்ற மீக்கடத்திப் பொருள்தான். "மீக்கடத்திக்குள் காந்தப்புலம் நுழையவே நுழையாது, அப்புறம் தடிமன் எதற்கு?" என்று கேட்கிறார் படலக்காரர். அவர் சொல்வது சரியா? எதை வாங்குவது?
— இயற்பியல் ஆசிரியை

பதில்: அந்தப் படலத்தை அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள், அம்மா. பாடப்புத்தகத்தில் இருக்கும் வரியைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் அது தடித்த மீக்கடத்திக்கு மட்டும் பொருந்தும் வரி.

புலம் ஏன் உள்ளே போவதில்லை என்பதிலிருந்து வருவோம். மீக்கடத்தி தன் மேற்பரப்பை ஒட்டித் தடையின்றி ஒரு மின்னோட்டத்தை ஓடவிடுகிறது. அந்த ஓட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலம், வெளியிலிருந்து வரும் புலத்தை உள்ளே ரத்து செய்துவிடுகிறது. வெளியே 10 மில்லிடெஸ்லா இருந்தால், மேற்பரப்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்திலும் ஏறக்குறைய 80 ஆம்பியர் ஓடியாக வேண்டும். சரி, அந்த 80 ஆம்பியர் ஓட எவ்வளவு ஆழம் வேண்டும்? மேற்பரப்பிலேயே, தடிமன் இல்லாத ஒரு கோட்டில் ஓட முடியாது. அப்படி ஓட வேண்டுமானால் அங்குள்ள எலக்ட்ரான்கள் முடிவில்லா வேகத்தில் போக வேண்டும். ஆகவே ஓட்டம் கொஞ்சம் உள்ளே பரவுகிறது, ஓட்டம் பரவும் இடம்வரை புலமும் நுழைகிறது. ஓட்டம் அதிகம் பரவினால் புலத்தை உள்ளே விட்டதற்கான ஆற்றல் கூடும். ஒடுங்கினால் எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல் கூடும். இந்த இரண்டும் சமரசமாகும் அளவுதான் ஊடுருவல் ஆழம். மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் 1933-ல் புலம் வெளியே தள்ளப்படுவதைக் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1935-ல், ஃபிரிட்ஸ் லண்டன், ஹைன்ஸ் லண்டன் சகோதரர்கள் இந்த ஆழத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆழத்தில் புலம் மேற்பரப்பில் இருந்ததில் 37 விழுக்காடாகக் குறைகிறது. அதற்கடுத்த அதே அளவு ஆழத்தில் மீண்டும் அதில் 37 விழுக்காடு, இப்படியே தேய்ந்துகொண்டு போகும்.

மிகக் குளிர்ந்த நிலையில் ஒய்பிசிஓவில் இது சுமார் 150 நானோமீட்டர். நீங்கள் வேலை செய்யப்போவதோ 77 கெல்வினில். இந்தப் பொருள் மீக்கடத்தியாக மாறும் மாறுநிலை வெப்பநிலை 92 கெல்வின்தான் என்பதால், 77-ல் மீக்கடத்தும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நன்றாகக் குறைந்துவிட்டிருக்கும். அதே ஓட்டத்தைக் குறைந்த ஆட்கள் சுமக்க வேண்டும் என்றால் இன்னும் உள்ளே பரவித்தான் ஆக வேண்டும். ஆழம் 200 நானோமீட்டரைத் தாண்டிவிடும். நம் கணக்குக்கு 210 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்தப் படலத்தைப் பாருங்கள். மொத்தத் தடிமனே 100 நானோமீட்டர், ஊடுருவல் ஆழத்தில் பாதிகூட இல்லை. தளத்துக்கு இணையாக ஒரு புலத்தை வைத்தால், இரு பக்கத்திலிருந்தும் அது நுழைந்து, படலத்தின் நடுவிலேயே வெளிப்புலத்தில் 97 விழுக்காடு இருக்கும். தடுத்தது மூன்றே விழுக்காடு! ஒரு மைக்ரோமீட்டர் படலமாக இருந்தால் நடுவில் 18 விழுக்காடு, இரண்டு மைக்ரோமீட்டராக இருந்தால் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. உங்கள் வில்லையில் மில்லிமீட்டர் கணக்கில் பொருள் இருப்பதால் இந்தக் கேள்வியே எழாது. இது புதிதாகக் கண்ட விஷயமும் இல்லை. பாதரசத்தை மிக நுண்ணிய துளிகளாக்கிக் குளிர்வித்தபோது அவை புலத்தைத் தள்ளும் திறன் வெகுவாகக் குறைந்திருந்ததை இயற்பியலாளர் ஷோன்பெர்க் 1939 வாக்கிலேயே அளந்து காட்டிவிட்டார்.

படலக்காரருக்கு ஒரு நியாயம் மட்டும் சொல்ல வேண்டும். புலம் தகட்டுக்குச் செங்குத்தாக வந்தால் கதை வேறு. அப்போது கவச மின்னோட்டம் படலத்தின் குறுக்கே அல்ல, தட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அதற்கு விட்டம் முழுவதும் இடம் கிடைப்பதால், மெல்லிய படலமும் பலவீனமான புலத்தைத் தடுத்துவிடும். ஆனால் அங்கே வேறொரு எல்லை வருகிறது. நல்ல ஒய்பிசிஓ படலம் 77 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்கு 20 லட்சம் ஆம்பியர் அளவுக்குத் தாங்கும் என்று வைத்தால், 100 நானோமீட்டரில் அகலத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 20 ஆம்பியர்தான் கிடைக்கும். அது சில மில்லிடெஸ்லாவைச் சமாளிக்கும், அவ்வளவுதான். ஒரு நியோடிமியம் காந்தத்தின் அருகே அதைவிடப் பல மடங்கு புலம் இருக்கிறது. புலம் சுழல்களாகப் படலத்துக்குள் புகுந்து விடும். மிதக்கும் தகடு என்று 2011-ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் காட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அதில் இருந்தது ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் படலம், உங்களிடம் விற்க வருவதைவிடப் பத்து மடங்கு.

ஆக, வில்லை. ஆனால் எந்த வில்லை என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பொடியை அழுத்திச் சுட்டது ஒரு வகை, உருக்கி ஒரே படிகமாக வளர்த்தது இன்னொரு வகை. வெளியே பார்த்தால் இரண்டும் கறுப்பு வட்டம்தான். சுட்ட வில்லையில் துகளுக்கும் துகளுக்கும் இடையே இணைப்பு பலவீனம். கவச மின்னோட்டம் வில்லை முழுவதையும் சுற்ற முடியாமல் ஒவ்வொரு துகளுக்குள்ளும் தனித்தனியாகச் சுழன்று நிற்கும், புலம் இடுக்கு வழியாகப் புகுந்துவிடும். சின்னக் காந்தம் ஓரிரு மில்லிமீட்டர் மிதக்கும், லேசாகத் தட்டினால் விழும்.

வந்ததும் இப்படிச் சோதியுங்கள். வில்லையின் மேல் ஐந்து மில்லிமீட்டர் மரத்துண்டு வைத்து, அதன் மேல் காந்தம். நைட்ரஜன் ஊற்றி, கொதிப்பு அடங்கும்வரை பொறுங்கள். மரத்துண்டை உருவிவிட்டுக் காந்தத்தை மெல்ல மேலே தூக்குங்கள். உருக்கி வளர்த்த வில்லை என்றால் இடைவெளி மாறாமல் காந்தத்தோடு சேர்ந்து எழும்பி வரும். சுட்டது என்றால் அப்படியே கிடக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையில் தேறாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று விற்பவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். மாறுநிலை வெப்பநிலையையும், 77 கெல்வினில் தாங்கும் மின்னோட்ட அடர்த்தியையும் தாளில் தரச் சொல்லுங்கள். பயன்படுத்திய பின் வில்லையில் பனி படியும். ஈரம் ஒய்பிசிஓவை அரித்துவிடும் என்பதால், வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

பின்னாளில் மாணவர்களைக் கொண்டு ஊடுருவல் ஆழத்தையே அளக்க வைக்கும் எண்ணம் இருந்தால், அப்போது அந்த 100 நானோமீட்டர் படலத்தைக் கேளுங்கள். படலத்தின் இரு பக்கமும் சிறு கம்பிச்சுருள் வைத்து, ஒன்றில் மாறுமின்னோட்டம் கொடுத்து, மறுபக்கம் எவ்வளவு கசிகிறது என்று வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்தால், 92 கெல்வினை நெருங்க நெருங்க ஆழம் ஏறுவது தெரியும். தடித்த வில்லையில் மறுபக்கம் எதுவும் வராது, அளக்க வழியில்லை.