அம்மா சொல்ல வந்ததைக் கேட்டீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இன்னும் மூன்று வாரத்தில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். அமெரிக்காவில் இருக்கும் தம்பி அனுப்பும் பூண்டு கேப்ஸ்யூல் தினம் இரண்டு, ஞாபகசக்திக்கு ஜின்கோ 120 மி.கி., மூட்டுக்கு இஞ்சி மாத்திரை ஒன்று என ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார். மயக்க டாக்டர் “வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டபோது அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே கூட்டம் காத்திருந்ததால் நானே “பி.பி. மாத்திரை மட்டும்தான் டாக்டர்” என்று சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்து வீட்டு நர்ஸ் இதையெல்லாம் நிறுத்தச் சொல்கிறார். பிளேட்லெட், ஐ.என்.ஆர். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பூண்டும் இஞ்சியும் நாம் தினமும் சாப்பிடுவதுதானே? இப்போது போய்ச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள், தம்பியின் லீவு வீணாகும். என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: மாத்திரையைப் பிறகு பார்ப்போம். அம்மா என்ன சொல்ல வாயெடுத்தார்? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அது மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கேள்வி அவருடைய உடம்பைப் பற்றியது, கத்தி படப்போவதும் அவர் காலில். பதிலை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பெற்றவர்களைக் கைபிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். அவசரத்தில் வந்த பழக்கம்தான், ஆனாலும் அதைப் பாசம் என்று என்னால் சொல்ல முடியாது. கூட்டம் ஐந்து நிமிடம் காத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவர் சொல்ல வந்தது தம்பி அனுப்பிய டப்பாக்களைப் பற்றி என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேறு ஒரு சந்தேகம். மூட்டு தேய்ந்து ஆபரேஷன் வரை வந்த 68 வயது அம்மா, வலிக்கு ஒன்றும் போடாமலா இத்தனை நாள் நடந்தார்? மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக்கோ வேறு வலி மாத்திரையோ வாங்கிப் போடுகிறாரா என்று இன்று ராத்திரியே கேளுங்கள். தலையணைக்கு அடியிலும் சாமி அலமாரியிலும் பாருங்கள். அந்த ஒரு மாத்திரைதான் இந்தக் கணக்கையே மாற்றும்.

ஏன் என்று சொல்கிறேன். ரத்தக் குழாயில் கீறல் விழுந்ததும் முதலில் ஓடி வந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு போடுவது பிளேட்லெட்டுகள், அதாவது தட்டணுக்கள். பூண்டில் இருந்து உருவாகும் அஜோயீன் என்ற பொருள் அந்த ஒட்டும் தன்மையைக் கெடுக்கிறது. அப்படிக் கெட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும்வரை பெரும்பாலும் தேறாது. ஜின்கோ வேறு வழியில் வேலை செய்கிறது: தட்டணுக்களைத் தூண்டிவிடும் ஒரு சமிக்ஞையை மறிக்கிறது. இஞ்சி, தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் திராம்பாக்ஸேன் உருவாவதைக் குறைக்கக்கூடியது. இஞ்சிக்கான ஆதாரம் மூன்றிலும் பலவீனமானது என்பதையும் மறைக்கப் போவதில்லை. வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் பிடிப்பது இதே திராம்பாக்ஸேன் வழியைத்தான்.

நேர்மையாகச் சொன்னால், ஜின்கோவைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ரத்தம் உறையும் அளவுகள் பெரிதாக மாறவில்லை. முதுகில் தண்டுவட ஊசி போட்டுக் காலை மரத்துப்போக வைக்கும் டாக்டர்களும் மூலிகை மாத்திரை ஒன்று சாப்பிட்டார் என்பதற்காக மட்டும் ஊசியை மறுப்பதில்லை. ஒன்று சேரும்போதுதான் சிக்கல். 1997-ல் வெளியான ஒரு நோயாளியின் கதை இதற்குப் பொருத்தமானது. அவருக்கு 70 வயது. நீண்ட நாளாகத் தினம் ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தவர், ஒன்றும் ஆகவில்லை. ஜின்கோ 40 மி.கி. தினம் இரண்டு வேளை ஆரம்பித்த ஒரு வாரத்தில், அடியே படாமல் கண்ணின் முன்பகுதியில் ரத்தம் கசிந்தது. ஜின்கோவை நிறுத்தினார், ஆஸ்பிரினைத் தொடர்ந்தார், மறுபடி கசிவு வரவில்லை. உங்கள் அம்மா சாப்பிடுவது ஒரு நாளைக்கு 120 மி.கி., கூடவே பூண்டு, இஞ்சி, ஒருவேளை வலி மாத்திரையும்.

இனி அந்த ரிப்போர்ட். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும் ஐ.என்.ஆர். பார்க்க நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதை மெஷினில் சுழற்றி மேலே தெளியும் மஞ்சள் நீரை மட்டும் பரிசோதிப்பார்கள். தட்டணுக்கள் பெரும்பாலும் கீழே தங்கிவிடும், அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்தப் பரிசோதனை பார்ப்பதே இல்லை. பிளேட்லெட் கவுண்ட் எத்தனை இருக்கின்றன என்று எண்ணும், ஒட்டுமா என்று சொல்லாது. பந்தியில் பரிமாற ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, அவர்கள் கையில் கரண்டி இருக்கிறதா என்று பார்க்காத கதை. நார்மல் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

மூட்டு மாற்றில் இது ஏன் முக்கியம்? தொடையில் இறுக்குப் பட்டை கட்டித்தான் பல இடங்களில் ஆபரேஷன் செய்கிறார்கள். அறுக்கும்போது ரத்தம் அதிகம் தெரியாது. பட்டையைத் தளர்த்திய பிறகு, சில நேரம் தையல் போட்டு முடித்த பிறகு, எலும்பு அறுத்த பரப்பிலிருந்து உள்ளுக்குள்ளே கசியும். கட்டுக்கு மேல் நனைவதைவிட முழங்கால் உப்பி, தோல் பளபளவென்று இறுகி, தொடைவரை ஊதா நிறம் ஏறுவதைத்தான் கவனிக்க வேண்டும். பிறகு காலில் ரத்தக்கட்டி வராமல் இருக்க எனாக்ஸாபரின் போன்ற ஊசியை வயிற்றில் போடுவார்கள். அது வேண்டுமென்றே ரத்தத்தை இளக்குவது. ஏற்கெனவே ஒட்டாத தட்டணுக்களுக்கு மேல் அதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே புரியும்.

முதுகில் போடும் ஊசி இன்னொன்று. ஊசி போகும் வழியில் மெல்லிய நாளங்கள் உண்டு. அங்கே கசிவு நிற்காவிட்டால் ரத்தம் தேங்கி நரம்பை அழுத்தும். இது மிக அரிது, ஆனால் நடந்தால் சில மணி நேரத்துக்குள் முடிவு எடுக்க வேண்டியது. ஆபரேஷன் முடிந்து மரத்துப்போன கால் திரும்ப உணர்வு பெற வேண்டிய நேரம் தாண்டியும் அசையாமல் இருந்தாலோ, உணர்வு வந்த பிறகு மறுபடி மரத்தாலோ, முதுகில் கடும் வலி எடுத்தாலோ, “ஊசி இன்னும் இறங்கலை போல” என்று உட்கார்ந்திருக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். 1990-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், 87 வயது முதியவர் ஒருவருக்கு ஊசியே போடாமல் முதுகுத்தண்டில் இப்படி ரத்தம் தேங்கியது. தினமும் நிறையப் பூண்டு சாப்பிட்டதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

“நாம் தினமும் சாப்பிடுவதுதானே” என்று கேட்டிருக்கிறீர்கள். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டும், துவையலும், இஞ்சி டீயும், சுக்குக் காப்பியும் அம்மா வழக்கம்போல் சாப்பிடலாம். பச்சைப் பூண்டை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் காரமான சத்து உருவாகிறது. கொதியில் அந்த நொதி அழிந்துபோகும். கேப்ஸ்யூல் என்பது அதைச் செறிவாக்கி அடைத்தது, தினமும் தவறாமல் உள்ளே போவது. ஆனால் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு மெல்வதும், தேனில் ஊறிய பூண்டும், டம்ளர் டம்ளராக இஞ்சிச் சாறும் சமையல் கணக்கில் சேராது. மாத்திரையோடு அவற்றையும் நிறுத்துங்கள்.

எத்தனை நாள்? தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். தினமும் பத்தில் ஒரு பங்கு புதிதாக வரும். அதனால்தான் பூண்டுக்குக் குறைந்தது ஏழு நாள் என்கிறார்கள். ஜின்கோ உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும், 36 மணி நேரம் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் டப்பாவின் லேபிளில் அச்சிட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது நடைமுறை, இஞ்சிக்கும் அதுதான். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இன்று நிறுத்தி நாளை சொன்னால், இந்த மாத்திரைகளுக்காக ஆபரேஷன் தள்ளிப்போக அநேகமாகக் காரணமே இருக்காது. ஆபரேஷன் அன்று காலை தியேட்டர் வாசலில் அம்மாவே உளறினால்தான் தள்ளிப்போகக்கூடும். தம்பியின் லீவைக் காப்பாற்ற மறைக்கிறேன் என்கிறீர்கள், மறைப்பதுதான் அந்த லீவைத் தின்னும்.

ஒரு எச்சரிக்கை. கையில் கிடைத்ததையெல்லாம் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி.பி. மாத்திரையைத் தொடாதீர்கள். அம்மாவுக்கு இதயத்துக்காக ஆஸ்பிரினோ கிளோபிடோக்ரெலோ யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், அதை நிறுத்தும் நாளை எழுதிக் கொடுத்த டாக்டரும் மயக்க டாக்டரும்தான் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். வலி மாத்திரைக்குப் பதில் என்ன போடுவது என்றும் அப்போதே கேளுங்கள். நீங்களாக இன்னொன்றை வாங்கித் தர வேண்டாம்.

நாளைக் காலை வீட்டில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மஞ்சள் கேப்ஸ்யூல், நாட்டு மருந்துப் பொட்டலம் எதையும் விடாமல், ஒரு துணிப் பையில் போடுங்கள். லேபிளைக் கிழிக்காதீர்கள். எத்தனை, எந்த வேளை, கடைசியாக எந்தத் தேதி சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மயக்க டாக்டரிடம் போய், “அன்று நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்று ஒரு வாக்கியம் மட்டும் நீங்கள் சொல்லுங்கள். மீதியை அம்மா சொல்லட்டும். கையில் காரணமில்லாமல் ஊதாத் திட்டு வருகிறதா, பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா, பழைய பிரசவத்தில் அதிகம் போனதா என்றெல்லாம் டாக்டர் கேட்பார். இதற்கெல்லாம் பதில் உங்களிடம் இல்லை, அம்மாவிடம்தான் இருக்கிறது.

தம்பிக்கும் இன்றே ஃபோன் போடுங்கள். வரும்போது பெட்டியில் புது டப்பா கொண்டுவந்து, ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அன்பாக நீட்டப் போகிறான். வயிற்று ஊசியோ அதற்குப் பதிலான மாத்திரையோ ஓடுகிறவரை, சில சமயம் ஐந்து வாரம்கூட ஆகும், அந்த டப்பா பெட்டியிலேயே இருக்கட்டும். பிறகு திறக்கலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அம்மாவே கேட்கட்டும்.