மூக்குக்குத் தெரியுது, வாய்க்கு வரல: வாசனைச் சொற்கள் பத்தி கேள்வி பதில்

முத்து: கண்ணை மூடிட்டு பட்டையை மோந்தா எனக்கு "ஏதோ இனிப்பா, காரமா"ன்னு இழுக்கத்தான் வருது. எல்லா மொழிக்காரங்களும் இப்படித்தானா?

இல்லங்க. மலாய் தீபகற்பத்துக் காட்டுல ஜஹாய்னு வேட்டையாடி வாழ்ற மக்கள் இருக்காங்க. அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2014ல வெளியிட்ட ஆய்வுல, பட்டை, பெட்ரோல், வெங்காயம், சோப்புன்னு 12 வாசனை அட்டையை சுரண்டி மோக்கச் சொல்லி "இது என்ன வாசனை"ன்னு மட்டும் கேட்டாங்க. இங்கிலிஷ்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி, சுத்தி வளைச்சு, பாதியில மாத்தி பேசினாங்க, ஜஹாய்க்காரங்க டக்குனு ஒரே சொல்லுல முடிச்சாங்க, நிறத்துக்குப் பேர் சொல்ற அளவுக்கு ஒத்தும் போச்சு. அவங்ககிட்ட வாசனைக்குன்னே ஒரு டஜன் சொல் இருக்கு. அதுல ஒண்ணு நசுக்கின பேன், அணில் ரத்தம் மாதிரி ரத்த வாடைக்கு, அந்த வாடை புலியை இழுக்கும்பாங்க. இன்னொண்ணுல பெட்ரோல், புகை, வவ்வால் எச்சம் மூணும் அடங்கிடும்.

செல்வி: முட்டை ஊத்தின டம்ளரை சரியா கழுவலன்னா கவுச்சி அடிக்குதுன்னு எங்கம்மா கத்துவாங்க. இது அந்த வகையா அண்ணா?

அதேதான்மா, நல்லா புடிச்ச! மல்லி வாசனைன்னா மல்லியைத்தான் சொல்றோம், ஆனா கவுச்சி முட்டைக்கும் பொருந்தும், மீனுக்கும் பச்சைக் கறிக்கும் பொருந்தும், எந்தப் பொருளோட பேரும் இல்ல. நம்மகிட்ட இந்த மாதிரி சொல் கொஞ்சம்தான், அவங்க தினப்படி பேச்சே இதுல ஓடுது.

ரவி: கோவிட் வந்ததுல இருந்து எனக்கு வாசனையே சரியா தெரியல சார், இந்த வார்த்தைங்கள கத்துக்கிட்டா திரும்ப வருமா?

ரவி, அது வேற விஷயம்பா, வார்த்தை கத்துக்கிட்டு சரியாகாது. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ்னு தினம் ரெண்டு வேளை மோந்து பழகுற பயிற்சி ஒண்ணு இருக்கு, உங்களுக்கு ஒத்துவருமான்னு கேளுங்க.

கார்த்தி: காட்டுல இருக்கிறவங்க மூக்கு கூர்மை சார், அவ்ளோதான் மேட்டர்.

பாதி சரி கார்த்தி. காடு மட்டும் காரணம்னா அதே தீபகற்பத்துல இருக்கிற செமெலாய்க்காரங்களுக்கும் வந்திருக்கணுமே? மஜித்தும் நிக்கோல் க்ரூஸ்பேயும் 2018ல இதைத்தான் பார்த்தாங்க. செமக் பெரி வேட்டைக்காரங்க, செமெலாய் நெல்லு போடுறவங்க, மொழி ரெண்டும் சொந்தக்கார மொழி, சுத்தி இருக்கிற காடும் அதே மாதிரிதான். செமக் பெரி வாசனைக்கும் நிறத்துக்கும் ஒரே மாதிரி சுலபமா பேர் சொன்னாங்க, செமெலாய்க்காரங்க நம்மள மாதிரி வாசனையில தடுமாறினாங்க. அப்ப பிழைப்புதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன், கூடவே வாசனைக்குக் குடுக்கிற மதிப்பும். ஜஹாய் ஊர்ல அண்ணன் தங்கச்சி ரொம்ப ஒட்டி உக்காரக் கூடாது, ரெண்டு பேர் உடம்பு வாசனையும் கலந்துட்டா தப்பு! இப்படி நாள் முழுக்க வாசனையை கவனிச்சே ஆகணும்னா அதுக்கு சொல் இல்லாம எப்படி முடியும்? ஆனா ஜீன்ல ஏதாவது இருக்கான்னு கேட்டா, ரெண்டு கூட்டத்தை மட்டும் ஒப்பிட்டு அதை அடிச்சு சொல்ல முடியாது.

கார்த்தி: அப்ப நான் சொன்னது தப்புன்னும் முடிவாகல!

ஜீன் பத்தி முடிவாகல, காடு பத்தி ஆயிடுச்சு.