முதலில் அனுமதி, அப்புறம் தேதி: சான்றிதழ் தேர்வுச் சலுகைகள் பற்றிய கேள்வி-பதில்

கூடுதல் நேரம், தனி அறை போன்ற சலுகைகளைக் கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். தேர்வைப் பற்றியவை. தேர்வு நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூ மூலம் நடக்கும் மற்ற தேர்வுகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான். விதிகளை மட்டும் அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: நான் தமிழ் வழியில் படித்தவன். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு அரை மணி நேரம் கூடுதலாக உண்டு என்று இப்போதுதான் தெரிந்தது. சேர்க்க முடியுமா? (திருச்சி)

ஏற்கெனவே போட்ட பதிவில் அது தானாக ஏறாது. உங்கள் ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ் கணக்கில் சலுகை கேட்கும் பகுதிக்குப் போய் `ESL +30 MINUTES` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருமுறை வாங்கினால் அடுத்து எழுதும் ஆங்கிலத் தேர்வுகளுக்கும் செல்லும். அது கிடைத்த பிறகு, தேர்வுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், பழைய பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 130 நிமிடத் தேர்வு 160 நிமிடமாகும். பதிவு உறுதியாகி வரும் மின்னஞ்சலில் சலுகை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் யாராலும் ஒரு நிமிடம்கூடச் சேர்க்க முடியாது. பணம் கட்டும் முன் பக்கத்தை ஒருமுறை படித்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

கே: அகராதி கொண்டுபோகலாமா? (சேலம்)

கூடாது.

கே: எனக்கு டிஸ்லெக்ஸியா. மருத்துவர் கடிதமும் யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அனுப்பினேன். விவரம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். அரசுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் தருகிறார்களே, இங்கே ஏன் இவ்வளவு கெடுபிடி? (மதுரை)

அந்த 20 நிமிடம், மாற்றுத்திறனாளிகள் எழுதும் தேர்வுகளுக்காக இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளது. வெளிநாட்டு நிறுவனத்தின் சான்றிதழ் தேர்வில் அந்தக் கணக்கைக் காட்டி நேரம் கேட்க முடியாது. இங்கே ஒவ்வொருவருடைய விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தவறு உங்களுடையது அல்ல, கடிதத்தினுடையது. எனக்குத் தீராத ஆதங்கம் இதில்தான். "இவருக்கு டிஸ்லெக்ஸியா உள்ளது, தேர்வில் உதவவும்" என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். குறைபாட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பரிசீலிப்பவர் என்ன செய்வார்? யூ.டி.ஐ.டி. அட்டையும் குறைபாடு எத்தனை சதவீதம் என்றுதான் சொல்கிறது. கணினி முன் உட்கார்ந்து 65 கேள்விகளைப் படிக்கும்போது உங்களுக்கு எது தடையாகிறது, அதற்கு என்ன வேண்டும் என்று அது சொல்லாது. தகுதியுள்ளவர்களின் விண்ணப்பம்கூட இந்த இடத்தில்தான் விழுகிறது.

உங்களைச் சோதித்த உளவியலாளரிடம் திரும்பப் போங்கள். எந்தச் சோதனை, எப்போது நடந்தது, வாசிப்பு வேகம் எவ்வளவு குறைவாக வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்து அதன் விளைவு: நீளமான கேள்வியை மூன்று நான்கு முறை படித்தால்தான் பொருள் பிடிபடுகிறது, பக்கத்தில் சத்தம் கேட்டால் வரி தவறிப்போகிறது. கடைசியில் கோரிக்கை: ஒன்றரை மடங்கு நேரம், தனி அறை. அதாவது 130 நிமிடம் 195 ஆக வேண்டும். "கூடுதல் நேரம்" என்று பொதுவாக விட்டால் மறுபடியும் கேள்விதான் வரும். கடிதம் ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில், தேதி, உளவியலாளரின் கையெழுத்து, அவருடைய பதிவு எண்ணுடன் இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் எடுத்த அறிக்கை மட்டும் போதாது, சமீபத்தியது வேண்டும். பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊர் இனிஷியல் குழப்பத்தில் கடிதத்தில் ஒரு பெயரும் கணக்கில் இன்னொரு பெயரும் ஆகிவிடுகிறது.

இதெல்லாம் முடிய சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை தேதி எடுக்காதீர்கள். வவுச்சர் வைத்திருந்தால் அது எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள்.

கே: உடலில் இன்சுலின் பம்ப் இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டுமா? (கோவை)

உடலோடு பொருத்தியது என்றால் தேர்வு மையத்தில் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம், பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். சர்க்கரை அளவை ஃபோனில்தான் பார்க்கிறீர்கள் என்றால் கதை வேறு. ஃபோன் உள்ளே போகாது, அதற்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள்.

கே: வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குக் கவனம் நிற்கும். வீட்டிலிருந்தே எழுதுவதால் பிரச்சினை இல்லையே? (சென்னை)

வீட்டில்தான் பிரச்சினை. வெப்கேம் வழியாகக் கண்காணிப்பவர் நீங்கள் முணுமுணுப்பதைக் கேட்டால் எச்சரிப்பார், தொடர்ந்தால் தேர்வையே நிறுத்திவிடலாம். கவனக் குறைபாடு என்று மருத்துவர் கண்டறிந்திருந்தால், தேர்வு மையத்தில் தனி அறையும் வாய்விட்டுப் படிக்க அனுமதியும் கேளுங்கள். மதுரை வாசகருக்குச் சொன்னது போன்ற கடிதம் இதற்கும் வேண்டும். வெறும் பழக்கம்தான் என்றால் சலுகை கிடையாது. இப்போதிருந்தே மாதிரித் தேர்வுகளை வாயை மூடிக்கொண்டு எழுதிப் பழகுங்கள்.