வெளிநாட்டுச் சந்தா பில்லும் ரிவர்ஸ் சார்ஜும்

"வெளிநாட்டு மென்பொருள் சந்தா 17,000 ரூபாய், பில்லில் வரி இல்லை. ரிவர்ஸ் சார்ஜில் 18% போட்டேன். பணம் முழுதும் கட்டியும் அவர்களுக்கு 3,060 பாக்கி காட்டுகிறது. ஏன்?"

வரியை அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே வரவு வைத்திருக்கிறீர்கள், அதுதான் காரணம். உள்ளூர் பில்லுக்கு அப்படித்தான் செய்வோம். இங்கே அந்த 3,060 அரசுக்குப் போக வேண்டிய பணம். பதிவு இப்படி இருக்க வேண்டும்:

```
சந்தா செலவு             பற்று  17,000
உள்ளீட்டு ஐஜிஎஸ்டி        பற்று   3,060
  வெளிநாட்டு நிறுவனம்      வரவு  17,000
  ஆர்சிஎம் ஐஜிஎஸ்டி பாக்கி  வரவு   3,060
```

திருத்தியதும் அவர்கள் கணக்கு பூஜ்யமாகிவிடும்.

அப்புறம், GSTR-3B-இல் இது இரண்டு இடத்தில் வரும்: வரிப் பொறுப்பு 3.1(d)-இல், கிரெடிட் 4(A)(2)-இல். இரண்டும் ஒரே தொகைதானே, கழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ரிவர்ஸ் சார்ஜ் வரியைக் கிரெடிட்டில் இருந்து கட்ட முடியாது. 3,060-ஐ கேஷ் லெட்ஜரில் போட்டுத்தான் கட்ட வேண்டும். தொழிலுக்கான செலவு, வரி கட்டும் விற்பனைக்குப் பயன்படுவது என்றால் அதே மாத ரிட்டர்னிலேயே கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த பில் GSTR-2B-இல் வராது, அங்கே தேட வேண்டாம். கிரெடிட்டுக்கு ஆதாரம் நீங்களே உங்கள் பெயரில் போடும் சுய இன்வாய்ஸ்தான். அதை வெளிநாட்டு பில்லோடு சேர்த்து வையுங்கள்.

பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் கொடுக்காவிட்டால் அவர்களே ஐஜிஎஸ்டி சேர்த்து வாங்கக்கூடும். பிறகு அந்த வரிக்குக் கிரெடிட் எடுப்பது பெரும்பாடு.