வெண்ணெயும் நெய்யும்: கரண்டிக்குள் இருக்கும் கணக்கு

கேள்வி: வெண்ணெயை உருக்கினால்தானே நெய் வருகிறது? அப்புறம் எப்படி ஒரு மேசைக்கரண்டி நெய்யில் வெண்ணெயைவிடக் கொழுப்பு அதிகமாக இருக்கிறது? அந்தக் கூடுதல் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வரவில்லை. கொழுப்பு இருந்தது இருந்தபடியே இருக்கிறது. கூட இருந்த தண்ணீரும் பால் திடப்பொருளும் வெளியேறியதால், அதே கரண்டியில் முன்பு அவை பிடித்துக்கொண்டிருந்த இடத்தையும் இப்போது கொழுப்பு நிரப்புகிறது.

முதலில் 15 மில்லி அளவுக்கரண்டியை எடுத்துக்கொள்வோம். தலைதட்டி எடுத்த ஒரு கரண்டி வெண்ணெய் ஏறத்தாழ 14.2 கிராம் இருக்கும். அதில் கொழுப்பு சுமார் 11.5 கிராம். மீதியில் பெரும்பங்கு தண்ணீர், இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. பால் புரதம், லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை, தாது உப்பு எல்லாம் சேர்ந்து கால் கிராம் பக்கம்தான். அதே கரண்டியில் உருக்கிய நெய்யை ஊற்றினால் எடை சுமார் 13.5 கிராம், கிட்டத்தட்ட அத்தனையும் கொழுப்பு. கவனித்தீர்களா, ஒரு கரண்டி நெய் ஒரு கரண்டி வெண்ணெயைவிட எடை குறைவு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால் இப்படி. எடை குறைந்தும் கொழுப்பு 2 கிராம் கூடுகிறது. கலோரியில் சொன்னால் கரண்டிக்குப் பதினெட்டு, இருபது வித்தியாசம்.

இதை ஒரு முழுக் கட்டியில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொழுப்பு சுமார் 203 கிராம், தண்ணீர் 42 கிராம் பக்கம், திடப்பொருள் 5 கிராமுக்குள். கரண்டிக் கணக்கில் அது பதினேழரைக் கரண்டி வெண்ணெய். உருக்கிக் காய்ச்சி வடிகட்டினால், ஒரு சொட்டும் வீணாகாத பட்சத்தில், 15 கரண்டி நெய் கிடைக்கும். பதினேழரையை 11.5 ஆல் பெருக்குங்கள், பதினைந்தை 13.5 ஆல் பெருக்குங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். கொழுப்பு கூடவில்லை, கரண்டிகளின் எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறது. நடைமுறையில் அடியில் தங்கும் கசண்டும் வடிகட்டியும் கொஞ்சம் நெய்யைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே 15 கரண்டியைவிடச் சற்றுக் குறைவாகவே தேறும்.

வெண்ணெய்க்குள் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கையால் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறிக் கிடக்கிறது. புரதமும் லாக்டோஸும் பெரும்பாலும் அந்தத் துளிகளோடுதான் இருக்கின்றன. வெண்ணெயை லேசாக உருக்குவதால் மட்டும் இவை போய்விடாது. உருகிய வெண்ணெயைப் பாத்திரத்தில் அப்படியே வைத்தால் மேலே நுரை, நடுவே தெளிந்த கொழுப்பு, அடியில் வெளிறிய பால் தண்ணீர் என்று அடுக்கடுக்காகப் பிரியும். அது உருகிய வெண்ணெய்தான், இன்னும் நெய் ஆகவில்லை.

நெய்யாக்குவது கொதிதான். அடுப்பில் வைத்ததும் சடசடவென்று சத்தம் வரும், பெரிய குமிழிகள் வெடிக்கும். அந்தச் சத்தம் முழுக்கத் தண்ணீர் ஆவியாகிற சத்தம். தண்ணீர் இருக்கும்வரை உள்ளே வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தீயைக் கூட்டினாலும் பெரிதாக ஏறாது. தண்ணீர் தீர்ந்ததும் சத்தம் அடங்கும், குமிழி சிறுத்து மெல்லிய நுரையாகும், வெப்பம் சட்டென்று மேலே போகும். அப்போதுதான் அடியில் படிந்த திடப்பொருள் பொன்னிறமாகத் தொடங்குகிறது, நெய்யின் மணமும் எழுகிறது. இந்த இடத்தில் தீயைக் குறைத்துப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே அதிக நேரம் கிடைக்காது.

சத்தத்தை நம்பத் தயக்கமாக இருந்தால் தராசை நம்புங்கள். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். வெறும் பாத்திரத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 250 கிராம் வெண்ணெய் போட்டுக் காய்ச்சியபின், வடிகட்டுவதற்கு முன், பாத்திரத்தோடு மறுபடி எடை போடுங்கள். 40 கிராம் பக்கம் குறைந்திருந்தால் தண்ணீர் போய்விட்டது. 25 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் பதினைந்து கிராமுக்கு மேல் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படி அரைகுறையாக இறக்கியது மங்கலாகத் தெரியும், சூடான வாணலியில் விட்டால் தெறிக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். மீண்டும் அடுப்பில் ஏற்றினால் சரியாகிவிடும்.

திடப்பொருள் அளவில் கொஞ்சம்தான், ஆனால் செய்கிற வேலை பெரிது. வெண்ணெயை வாணலியில் சூடாக்கினால் சுமார் 175 டிகிரிக்குள் புகைந்துவிடும். கருகுவது கொழுப்பு இல்லை, அந்தப் புரதமும் சர்க்கரையும்தான். அவற்றை எடுத்துவிட்ட நெய் 230 டிகிரிக்கு மேலும் தாங்கும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நெய் பொதுவாகத் தொந்தரவு தராது, வெண்ணெயிலேயே அது மிகக் குறைவு. பால் புரத ஒவ்வாமை இருப்பவர்கள் நிலை வேறு. வடிகட்டிய நெய்யிலும் புரதத்தின் சுவடு தங்கலாம், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நெய்யைத் தொடக் கூடாது.

லேபிளைப் பார்த்து ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில நெய் பாட்டிலில் ஒரு கரண்டி என்பதற்கு 14 கிராம், 15 கிராம் என்று போட்டிருப்பார்கள், சிலவற்றில் 13. அதனால் கரண்டி வரியை விட்டுவிட்டு 100 கிராம் வரியைப் பாருங்கள். வெண்ணெய்க்குக் கொழுப்பு 80 முதல் 82 கிராம், நெய்க்கு 99.5 கிராமுக்கு மேல் என்று இருக்கும். காற்றடித்து மிருதுவாக்கிய வெண்ணெயில் கரண்டிக் கணக்கு இன்னும் இறங்கும், அதில் பாதி இடத்தைக் காற்றேகூடப் பிடித்திருக்கலாம்.

சமையலில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடுவதாக இருந்தால் இந்தக் கணக்கு உடனே கைகொடுக்கும். ஒரு கரண்டி வெண்ணெயின் கொழுப்புக்கு 13 மில்லி நெய் போதும், அதாவது கரண்டி நிறைய வேண்டாம், விளிம்புக்குச் சற்றுக் கீழே. வதக்கவும் தாளிக்கவும் இவ்வளவுதான். கேக், பிஸ்கட் மாவு என்றால் தண்ணீரையும் ஈடுகட்ட வேண்டும், ஏனென்றால் மாவை ஈரமாக்கிப் பிணைப்பதில் வெண்ணெயின் தண்ணீருக்கும் பங்கு உண்டு. செய்முறையில் 100 கிராம் வெண்ணெய் என்றிருந்தால் 81 கிராம் நெய்யும், ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோ பாலோ சேருங்கள். அந்த ஒரு கரண்டியை விட்டுவிட்டால் மாவு உதிரியாக நிற்கும், உருட்டும்போதே விரிசல் விடும்.