பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் அந்த இரண்டு பக்கங்கள்

கேள்வி: வணிகவியலில் பகுதிநேர பிஎச்.டி. செய்கிறேன். டிடிபி கடையில் ஆய்வேட்டின் முகப்புப் பக்கமும் உறுதிமொழிப் பக்கமும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்கு முன் அப்பாவின் 'எஸ்' இருக்கிறது, ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்திருக்கிறது. முகப்பில் ஜூன் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் ஜூலை முதல் வாரம்தான் சமர்ப்பிப்பேன். அப்படியே பைண்டிங்குக்கு விடலாமா?

பதில்: விடாதீர்கள். முதலில் உங்கள் பிஎச்.டி. பதிவு ஆணையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். தலைப்பு மாற்றத்துக்கோ நெறியாளர் மாற்றத்துக்கோ பிறகு ஆணை வாங்கியிருந்தால் அதையும் வையுங்கள். இந்த இரண்டு பக்கங்களிலும் இருப்பது ஒவ்வொன்றும் அந்தக் காகிதங்களில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். பதிவு ஆணையில் 'எஸ்' முன்னால் இருந்தால் முகப்பிலும் முன்னால்தான். ஆதாரில் இருப்பது இங்கே கணக்கில் வராது. கணவர் பெயரைச் சேர்த்துத்தான் பட்டம் வேண்டும் என்றால், அதை முகப்பில் நீங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியாகியிருக்க வேண்டும். அது மட்டும் போதாது, இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். அரசிதழ் நகலை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, பதிவிலேயே பெயரை மாற்றி ஆணை வாங்க வேண்டும். அந்த ஆணை கைக்கு வந்த பிறகுதான் புதுப் பெயர் முகப்பில் ஏறலாம். விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு ஆணை ஆகாது. "சார் பண்ணிடலாம்னு சொன்னார்" என்ற வாய்வார்த்தையும் ஆணை ஆகாது. அடுத்த வாரம் சமர்ப்பிக்கப்போகிற உங்களுக்கு அதற்கு நேரமில்லை. பழைய பெயரிலேயே கொடுங்கள்.

அடுத்து பட்டத்தின் வாசகம். 'பிஎச்.டி.' என்று சுருக்காமல் 'டாக்டர் ஆஃப் பிலாசஃபி' என்று முழுதாக வர வேண்டும். அதன் பின் எந்தப் பாடம் என்பது பதிவு ஆணையில் உள்ளபடி. துறையின் பெயர்ப்பலகையில் 'வணிகவியல் மற்றும் கணினிப் பயன்பாடு' என்று இருக்கலாம், ஆனால் உங்கள் பதிவு வெறும் வணிகவியலில் என்றால் வணிகவியல்தான். அண்ணா பல்கலைக்கழக ஆய்வேட்டு முகப்பில் புலத்தின் பெயர் வரும். வேறு பல இடங்களில் பாடத்தின் பெயர் வரும். அதனால் தோழியின் ஆய்வேட்டைப் பார்த்து அடிக்காமல், உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய மாதிரிப் படிவத்தைப் பாருங்கள். அந்தப் படிவத்தை இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில், சாய்வாக ஸ்கேன் செய்து போட்டிருப்பார்கள். முகப்பு தப்பு என்று திருப்பி அனுப்பத் தெரிந்த அலுவலகங்களுக்கு, சரியான முகப்பு ஒன்றைக் கண்ணில் படும்படி வைக்க ஏன் முடியவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது டிடிபி கடை. அங்கே யாரும் புதிதாக அடிப்பதில்லை. முன்பு வந்தவரின் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். முகப்பில் பெயர் மாறிவிடும், உறுதிமொழியின் நடுப் பத்தியில் பழைய நெறியாளர் அப்படியே இருப்பார். உங்கள் பக்கத்தில் நான் முதலில் தேடுவது 'எம்.பில்.' என்ற சொல்லைத்தான். அடுத்து, நெறியாளர் சான்றிதழில் வரும் 'இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை' என்ற ஆய்வுக் காலம். அது நீங்கள் பதிவு செய்த ஆண்டில் தொடங்குகிறதா? "எல்லாம் சேர்த்து நாங்களே முடித்துத் தருகிறோம், ஆபீஸிலும் பார்த்துக்கொள்கிறோம்" என்று கூடுதலாகக் காசு கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த ஆய்வு நானே செய்தது, இதற்கு முன் எந்தப் பட்டத்துக்கும் கொடுக்கப்படவில்லை என்று அந்தப் பக்கத்தில் கையெழுத்திடுவது நீங்கள். நாளை கேள்வி வந்தால் காசு வாங்கியவர் அங்கே இருக்க மாட்டார்.

தேதிக்கு வருவோம். முகப்பில் மாதமும் ஆண்டும் மட்டும் இருக்கும். அது பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாதம். எழுதி முடித்த மாதமோ வாய்மொழித் தேர்வு மாதமோ அல்ல. ஆகவே ஜூனை ஜூலை ஆக்குங்கள். உறுதிமொழியில் முழுத் தேதி வேண்டும், அது உண்மையில் கையெழுத்திடும் நாளாக இருக்கட்டும். கருத்துத் திருட்டுச் சோதனை அறிக்கையின் தேதியைப் பாருங்கள். அறிக்கை ஜூலை 2 என்றிருக்க, உறுதிமொழி ஜூன் 28 என்றிருந்தால், சோதிக்கும் முன்பே உறுதி கொடுத்ததாக ஆகிவிடும். தேதியைத் தட்டச்சு செய்யாமல் இடம் விட்டு, அன்றைக்குப் பேனாவால் எழுதுவது நல்லது. உங்கள் நெறியாளரையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

சரிபார்க்கும்போது தனியாகப் பார்க்காதீர்கள். எழுதியவர் கண்ணுக்குச் சொந்தத் தப்பு தெரியாது. வீட்டில் ஒருவர் பதிவு ஆணையை எழுத்தெழுத்தாக வாசிக்கட்டும், புள்ளி, இடைவெளி உட்பட. நீங்கள் அச்சிட்ட பக்கத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அப்புறம், மேலட்டையின் தங்க எழுத்தைக் கடையில் தனிக் கோப்பிலிருந்து அடிக்கிறார்கள். உள்ளே ஜூலை என்று திருத்தினால் அட்டையிலும் முதுகிலும் தானாக மாறாது. அந்த அச்சுக்கு முன் மாதிரி கேட்டு வாங்குங்கள். சோத்கங்காவில் ஏற்றுவதற்குக் கொடுக்கும் பிடிஎஃப்பிலும் இந்தத் திருத்திய பக்கங்களே இருக்கின்றனவா என்று திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.